மூணு கார், ஒரே தாள்: எங்க வீட்டு மதிப்பெண் பட்டியலைச் சரிபார்த்துச் சொல்லுங்க

கொடுமுடிக்காரன் (ஞாயிறு, இரவு 9:10)

எல்லாருக்கும் வணக்கம். ஈரோட்டுல இருக்கோம். வீட்டுல ஆறு பேர். நான், மனைவி, அப்பா, அம்மா, ஒன்பது வயசுப் பொண்ணு, நாலு வயசுப் பையன். பதினொரு வருசம் ஓட்டின பழைய காரைக் கொடுத்துட்டோம். இப்போ மூணு வண்டியில வந்து நிக்கிறோம்: டிசையர், நெக்ஸான், எர்டிகா. மூணும் பெட்ரோல், கியர் வண்டி.

ரெண்டு மாசமா தினமும் ராத்திரி சாப்பாட்டு நேரத்துல இதே பேச்சு. அப்பாவுக்கு எர்டிகா, மனைவிக்கு நெக்ஸான், எனக்கு டிசையர். அதனால போன வாரம் ஒரு வெள்ளைத்தாள் எடுத்து நாலு கட்டம் போட்டேன்: பட்ஜெட், பாதுகாப்பு, இடவசதி, ஓட்டுற செலவு. எது எவ்வளவு முக்கியம்னு மொத்தம் 100ஐப் பிரிச்சோம். அப்புறம் ஒவ்வொரு வண்டிக்கும் எல்லாரும் பேசி 10க்கு மார்க் போட்டோம்.

| | பட்ஜெட் (30) | பாதுகாப்பு (25) | இடம் (25) | ஓட்டுற செலவு (20) | மொத்தம் |
|---|---|---|---|---|---|
| டிசையர் | 8 | 8 | 6 | 9 | 770 |
| நெக்ஸான் | 7 | 9 | 6 | 6 | 705 |
| எர்டிகா | 7 | 7 | 10 | 8 | 795 |

எர்டிகா ஜெயிச்சிருச்சு. அப்பா "கணக்கே சொல்லிருச்சே, புக் பண்ணு"ங்கிறார். மனைவி தாளைப் பார்த்துட்டு எதுவும் பேசல. எனக்கும் எங்கேயோ இடிக்குது, எங்கேன்னு சொல்லத் தெரியல. கூட்டல் பெருக்கல் எல்லாம் ரெண்டு தடவை பார்த்துட்டேன், சரியாத்தான் இருக்கு.

---

சுங்கச்சாவடி (ஞாயிறு, இரவு 9:42)

ஆறு பேர்னா அஞ்சு சீட்டு வண்டியை ஏன் சகோ பட்டியல்லயே வச்சீங்க? எர்டிகாதான். எங்க சித்தப்பா அவர் எர்டிகாவை ரெண்டரை லட்சம் கிலோமீட்டர் ஓட்டிட்டார், இஞ்சின்ல கை வைக்கல. விக்கும்போதும் நல்ல விலை வரும். பாதுகாப்புக்கு 7 போட்டது சரிதான். மோதல் சோதனையில அது மூணு ஸ்டார் வாங்கின வண்டி, இப்போ ஆறு ஏர்பேக் வேற வருது. நான் 8 போட்டிருப்பேன்.

---

ஒத்தையடி (ஞாயிறு, இரவு 10:05)

சிஎன்ஜி பார்க்கலையா? நான் போன வருசம் கம்பெனி சிஎன்ஜி எடுத்தேன், மாசம் மூவாயிரம் மிச்சம். ஆனா டிக்கியில சிலிண்டர் போக ஒரு பைதான் வைக்க முடியுது. மூணு வருசத்துக்கு ஒருக்க சிலிண்டரை அழுத்தச் சோதனைக்குக் கொடுக்கணும், அதையும் கணக்குல வச்சுக்கோங்க.

---

கொடுமுடிக்காரன் (ஞாயிறு, இரவு 10:20)

சிஎன்ஜி வேண்டாம்னு முதல்லயே முடிவு பண்ணிட்டோம் அண்ணா. வருசத்துக்கு 10,000 கிலோமீட்டருக்கு மேல ஓட்ட மாட்டோம். இப்போ என் கேள்வி இந்தத் தாளைப் பத்தித்தான்.

---

பட்டறை வாத்தியார் (திங்கள், காலை 6:30)

தம்பி, கூட்டலை விடுங்க. பாதுகாப்புக் கட்டத்தையும் இடக் கட்டத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.

இடத்துல உங்க மார்க் 6ல இருந்து 10 வரைக்கும் போகுது. பாதுகாப்புல 7ல இருந்து 9 வரைக்கும்தான். ரெண்டுக்கும் எடை 25ன்னு எழுதியிருக்கீங்க. ஆனா இடத்துல முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் 4 மார்க் இடைவெளி, 25ஆல பெருக்கினா 100 புள்ளி. பாதுகாப்புல 2 மார்க் இடைவெளி, அது 50 புள்ளி. தாள்ல சமம்னு எழுதிட்டு, நிஜத்துல இடத்துக்கு ரெண்டு மடங்கு எடை கொடுத்திருக்கீங்க. எர்டிகா ஜெயிச்சது 25 புள்ளியில. அந்த 25 இங்கிருந்துதான் வந்துச்சு.

வீட்டுல உக்காந்து மார்க் போடும்போது இது எப்பவும் நடக்கும். கண்ணுல படுற விசயத்துக்கு மனுசன் தாராளமா விரிச்சு மார்க் போடுவான். மூணாவது வரிசை சீட்டு கண்ணுக்குத் தெரியுது, அதனால 10. விபத்து கண்ணுக்குத் தெரியல, அதனால எல்லாம் ஏழும் எட்டுமா கூட்டமா நிக்குது.

இன்னொண்ணு. 7 எதுக்கு, 9 எதுக்குன்னு மார்க் போடறதுக்கு முன்னாடி எழுதி வச்சீங்களா?

---

கொடுமுடிக்காரன் (திங்கள், காலை 7:15)

இல்லைங்க ஐயா. அப்பா "ஆறு ஏர்பேக் இருக்கு, நாம என்ன வேகமாவா போறோம்"னு சொன்னாரு, 7 போட்டோம். மனைவி 4 சொன்னாங்க. பேசிப் பேசி 7ல நின்னுச்சு.

---

பட்டறை வாத்தியார் (திங்கள், காலை 7:50)

அப்போ அந்த 7 எர்டிகாவோட மார்க் இல்ல, வீட்டுச் சமாதானத்தோட மார்க்.

சுங்கச்சாவடி தம்பி சொன்ன மூணு ஸ்டார் 2019ல குளோபல் என்கேப் கொடுத்தது. 2022 நடுவுல அவங்க தேர்வு முறையே மாறிப் போச்சு. அதுக்கு முன்னாடி ஸ்டார் பெரும்பாலும் முன்பக்க மோதலை வச்சுத்தான். இப்போ பக்கவாட்டு மோதல், வண்டி வழுக்காம பிடிக்கிற ஈஎஸ்சி, மேல ஸ்டார் வேணும்னா கம்பத்துல பக்கவாட்டா மோதுற சோதனை, நடந்து போறவங்க பாதுகாப்பு எல்லாம் பார்க்கிறாங்க. அந்தப் புது முறையில 2024ல எர்டிகாவைச் சோதிச்சப்போ பெரியவங்களுக்கு ஒரு ஸ்டார், குழந்தைகளுக்கு ரெண்டு. டிசையர் அதே 2024ல அதே முறையில பெரியவங்களுக்கு அஞ்சு, குழந்தைகளுக்கு நாலு. நெக்ஸான் ரெண்டுலயும் அஞ்சு. ஸ்டாரை ஒப்பிடணும்னா முதல்ல வருசத்தை ஒப்பிடணும். பழைய மூணு ஸ்டாரும் புது மூணு ஸ்டாரும் ஒரே பரீட்சை மார்க் கிடையாது.

சோதிச்ச எர்டிகாவுல ரெண்டு ஏர்பேக்தான் இருந்துச்சு. இப்போ ஆறு வருது, அது உண்மை. பக்கவாட்டு மோதல்ல அது உதவும். ஆனா அந்த அறிக்கையில வண்டிக்கூடு நிலையா இல்லைன்னும் எழுதியிருக்கு. ஏர்பேக் கூட்டுறதால கூடு மாறாது. ஏர்பேக் எண்ணிக்கையை மட்டும் வச்சு 7 போடுறது எனக்கு ஒப்பலை.

---

சுங்கச்சாவடி (திங்கள், காலை 9:05)

வருசம் பார்க்காம சொல்லிட்டேன், ஒத்துக்கறேன். ஆனா வாத்தியாரே, இந்தச் சோதனை எல்லாம் முன் சீட்டுல பொம்மையை உக்கார வச்சு ஒரே ஒரு வேகத்துல மோதுறது. நம்ம ரோட்டுல நடக்கிறது வேற. ஓட்டுறவன் நிதானமா இருந்தா ஒரு ஸ்டாரும் போதும்.

---

மலைப்பாதை (திங்கள், காலை 11:30)

அண்ணா, நிதானமா இருக்கிறது நம்ம கையில. எதிர்ல வர்றவர் நிதானம் நம்ம கையில இல்லையே.

குழந்தை விசயத்துல என் வீட்டு அனுபவத்தைச் சொல்றேன். என் பொண்ணுக்கு மூணு வயசு இருக்கும்போது அஞ்சு சீட்டு கார் வாங்கினோம். இடவசதின்னா டிக்கியில எத்தனை பை நிக்கும்னு மட்டும்தான் பார்த்தோம். வீட்டுக்கு வந்து குழந்தை சீட்டை மாட்டின பிறகுதான் தெரிஞ்சுது, மீதி இருக்கிற இடத்துல மாமியாரும் மாமனாரும் தோளோட தோள் இடிச்சுக்கிட்டு உக்கார வேண்டியிருந்துச்சு. நடுவுல உக்கார்றவங்களுக்கு பெல்ட் கொக்கியே கைக்கு எட்டல, குழந்தை சீட்டுக்கு அடியில போயிருச்சு. மாமியார் ரெண்டு வருசம் பெல்ட் போடாமலே வந்தாங்க. ஸ்டார் எல்லாம் பெல்ட் போட்ட பொம்மைக்குக் கொடுத்தது.

உங்க பையனுக்கு நாலு வயசு. ஷோரூமுக்குக் குழந்தை சீட்டைத் தூக்கிட்டுப் போய் மாட்டிட்டு, பக்கத்துல அப்பாவையும் அம்மாவையும் உக்கார வச்சு ரெண்டு பேருக்கும் பெல்ட் மாட்டிப் பாருங்க. அதுக்கப்புறம் இடத்துக்கு மார்க் போடுங்க.

இன்னொரு விசயம், சீட் கவர். முன் சீட்டுக்குப் பக்கவாட்டு ஏர்பேக் சீட்டுக்குள்ளதான் இருக்கு. வெளியில கிடைக்கிற இறுக்கமான கவர் போட்டு அந்த இடத்தை மூடிடாதீங்க.

---

பட்டறை வாத்தியார் (திங்கள், மாலை 6:10)

மலைப்பாதை சொன்னது பாதுகாப்பு, இடம் ரெண்டு கட்டத்துக்கும் பொருந்தும். இதுல இன்னொண்ணும் சேர்த்துக்கோங்க: அந்தச் சோதனையில குழந்தை பொம்மையை ரெண்டாவது வரிசையிலதான் வைப்பாங்க. மூணாவது வரிசையில யாரும் உக்காந்து மோதிப் பார்க்கல. எந்த ஏழு சீட்டு வண்டிக்கும் இது பொருந்தும். உங்க வீட்டுல மூணாவது வரிசைக்குப் போகப் போறது யாரு? அம்மா அப்பாவால பின்னாடி ஏற முடியாது. ரெண்டு பிள்ளைகளும்தான் போவாங்க.

சரி, தாளை எப்படித் திருத்தலாம்னு சொல்றேன். எல்லாக் கட்டத்தையும் கூட்டக் கூடாது. சிலதை வாசப்படியா வைக்கணும். படியைத் தாண்டாத வண்டிக்கு மார்க்கே கிடையாது. ஏன்னா, கூட்டுற முறையில ஒரு கட்டத்துல விழுந்த ஓட்டையை இன்னொரு கட்டம் அடைச்சுரும். விலை குறைவா இருக்கிறது மோதல்ல கூடு நசுங்குறதை எப்படி ஈடு கட்டும்? உங்களுக்கு எது ஈடு கட்ட முடியாததோ அதை வாசப்படியில வைங்க. பாதுகாப்புல ஒரு படி, பணத்துல ஒரு படி.

பணத்துக்கு முதல்ல பதில் சொல்லுங்க. பட்ஜெட் மார்க்கை எந்த விலையை வச்சுப் போட்டீங்க? உச்சமா எவ்வளவு?

---

கொடுமுடிக்காரன் (திங்கள், இரவு 8:40)

ஷோரூம் விலைதாங்க ஐயா. கொட்டேஷன்ல டிசையர் 8.2 லட்சம், நெக்ஸான் 9.75, எர்டிகா 10.9. கையில 4 லட்சம் இருக்கு, கடன் 8 லட்சத்துக்கு மேல வாங்குறதில்லைன்னு மனைவியும் நானும் பேசி வச்சிருக்கோம். அப்போ உச்சம் 12.

---

தறிநூல் (திங்கள், இரவு 9:15)

அங்கதான் அடி வாங்குவீங்க. தமிழ்நாட்டுல வண்டி விலை 10 லட்சத்தைத் தாண்டினா ஆயுள்வரி 13 சதவீதத்துல இருந்து 18க்குப் போயிரும். 2023 நவம்பர்ல இருந்து அப்படித்தான். தாண்டின தொகைக்கு மட்டும்னு நினைச்சுக்காதீங்க, முழு விலைக்கும் 18.

உங்க எர்டிகா 10.9ன்னா வரி மட்டும் சுமார் 1.96 லட்சம். அதுக்கு மேல, விலை 10 லட்சத்தைத் தாண்டுறதால முழு விலைக்கும் ஒரு சதவீதம் டிசிஎஸ், அது வருமான வரிக் கணக்குல திரும்பக் கிடைக்கும், ஆனா வாங்குற அன்னைக்குக் கையை விட்டுப் போகும். இன்சூரன்ஸ், பதிவு எல்லாம் சேர்த்தா 13.5 பக்கம் நிக்கும். அதே எர்டிகாவுல ஒரு வேரியன்ட் கீழ, 9.85ன்னு வச்சுக்கோங்க, வரி 1.28 லட்சம், ஆன்ரோடு 11.7. ஷோரூம் விலையில ஒரு லட்சத்து அஞ்சாயிரம் வித்தியாசம், ரோட்டுக்கு வரும்போது ஒண்ணே முக்கால் லட்சத்துக்கு மேல.

2025 செப்டம்பர் ஜிஎஸ்டி குறைப்புலயும் இது தெரியும். நாலு மீட்டருக்குள்ள, 1200 சிசிக்குள்ள இருக்கிற பெட்ரோல் வண்டிக்கு 18 சதவீதம் ஆச்சு. எர்டிகா நாலு மீட்டரைத் தாண்டுது, இஞ்சினும் ஒன்றரை லிட்டர், அதனால 40. டிசையரும் நெக்ஸானும் 18ல வந்துருச்சு.

---

கொடுமுடிக்காரன் (திங்கள், இரவு 9:50)

அப்போ நாங்க மார்க் போட்ட எர்டிகா எங்க பட்ஜெட்லயே இல்ல! இதை யாரும் எடுத்துச் சொல்லல. மூணு கொட்டேஷனையும் ஆன்ரோடுல திருப்பி வாங்கினேன்: டிசையர் 9.8, நெக்ஸான் 11.5, எர்டிகா கீழ் வேரியன்ட் 11.7.

---

பட்டறை வாத்தியார் (செவ்வாய், காலை 6:20)

நல்லது. இனி பட்ஜெட்டும் ஓட்டுற செலவும் ஒரே கட்டம். ரெண்டும் ரூபாய்தான், ஒரே பைக்குள்ள இருந்துதான் போகுது. தனித்தனியா வச்சா பணத்துக்கு மட்டும் 50 எடை போயிருது, அதை நீங்க தெரிஞ்சு கொடுக்கல. அஞ்சு வருசத்துக்கு ஒரே தொகையா எழுதுங்க.

உங்க ஊர்ல இந்த வண்டி வச்சிருக்கிறவங்களைக் கேட்டு நகர ஓட்டத்துல என்ன மைலேஜ் வருதுன்னு போடுங்க. விளம்பரத்துல இருக்கிறது ஆய்வகத்து எண்.

---

கொடுமுடிக்காரன் (செவ்வாய், இரவு 9:30)

கேட்டேன் ஐயா. டிசையர் 17, நெக்ஸான் 13, எர்டிகா 15ன்னு சொன்னாங்க. லிட்டர் 101 ரூபாய், வருசம் 10,000 கிலோமீட்டர்னு வச்சா, அஞ்சு வருசப் பெட்ரோல் டிசையருக்கு 2.97 லட்சம், எர்டிகாவுக்கு 3.37, நெக்ஸானுக்கு 3.88. ஆன்ரோடு விலையோட சேர்த்தா:

டிசையர் 12.77 லட்சம்
எர்டிகா 15.07
நெக்ஸான் 15.38

டிசையருக்கும் நெக்ஸானுக்கும் பெட்ரோல்ல மாசம் 1500 ரூபாய்தான் வித்தியாசம். அதுக்கு நான் 9க்கும் 6க்கும் மார்க் போட்டிருக்கேன். ரூபாயா எழுதின பிறகுதான் இது தெரியுது.

அப்பாகிட்ட ஒரு ஸ்டார் விசயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. "அப்போ ஆறு பேரும் எப்படிப் போறது"ன்னு கேட்டாரு. எனக்குப் பதில் இல்ல.

---

மலைப்பாதை (புதன், காலை 10:10)

அப்பா கேட்கிறது நியாயமான கேள்வி. அதுக்குப் பதில் வீட்டுக் காலண்டர்ல இருக்கும். கடைசி மூணு மாசத்துல ஆறு பேரும் சேர்ந்து எத்தனை தடவை போனீங்க?

---

கொடுமுடிக்காரன் (புதன், இரவு 9:05)

அப்பாவே உக்காந்து எண்ணினாரு. ரெண்டு தடவை. ஒண்ணு குலதெய்வம் கோயில், இன்னொண்ணு கோபியில கல்யாணம். மத்தபடி நாலு பேருக்கு மேல ஏறவே இல்ல. அதிகமா போனது அம்மாவோட முழங்கால் வைத்தியத்துக்கு, பதினோரு தடவை.

வருசத்துக்கு எட்டு நாள்னு வச்சு, அன்னைக்கு ஏழு சீட்டு வாடகை வண்டி 4500 ரூபாய்னா வருசம் 36,000, அஞ்சு வருசத்துக்கு 1.8 லட்சம். டிசையரோட கூட்டினா 14.57. அப்பவும் எர்டிகாவை விடக் குறைவு.

---

தறிநூல் (புதன், இரவு 9:40)

கணக்கு சரி. ஆனா ஒண்ணு உறுத்துது. வாடகைக்குக் கூப்பிட்டா வாசல்ல வந்து நிக்கிறது பெரும்பாலும் எர்டிகாதான். பாதுகாப்புக்காக அந்த வண்டியை வேண்டாம்னு சொல்லிட்டு, ஆறு பேரும் ஒண்ணா இருக்கிற எட்டு நாளும் அதே வண்டியில, முன்னப்பின்ன தெரியாத டிரைவரோட போவீங்க. இதுக்கு உங்க தாள்ல எந்தக் கட்டம்?

---

சுங்கச்சாவடி (புதன், இரவு 9:55)

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

---

பட்டறை வாத்தியார் (வியாழன், காலை 6:40)

தறிநூல் கேட்டதுக்கு என்கிட்ட முழுப் பதில் இல்ல. 365 நாள்ல எட்டு நாள்ங்கிறதால மொத்த ஆபத்து குறையும், அவ்வளவுதான் சொல்ல முடியும். ஆனா அந்த எட்டு நாள்தான் நெடுஞ்சாலை ஓட்டம், அதுவும் உண்மை. ரெண்டு வண்டியா பிரிஞ்சு போகலாம், பஸ்ல போகலாம். அதை வீட்டுல பேசிக்கணும்.

அந்த "பதினோரு தடவை" வரியைப் படிச்சதும் எனக்குத் தோணினது: அம்மா என்ன சொல்றாங்க? இத்தனை பதிவுல அப்பா, மனைவி, நீங்க மூணு பேரும் பேசுறீங்க. அதிகமா ஏறி இறங்குறவங்க அவங்க.

எடை போடறதுக்கும் ஒரு வழி சொல்றேன். ஆளுக்கு 20 புளியங்கொட்டை கொடுங்க. கட்டங்களைத் தரையில சுண்ணாம்புக் கட்டியால போட்டு, அவங்கவங்க மனசுல பட்டபடி வைக்கச் சொல்லுங்க. ஒருத்தர் வைக்கும்போது இன்னொருத்தர் பார்க்கக் கூடாது. கட்டம் போதலைன்னா புதுசா ஒண்ணு போடச் சொல்லுங்க. வைக்கிறதுக்கு முன்னாடி கேள்வியை இப்படிக் கேளுங்க: "நமக்கு ஆகவே ஆகாத நிலையில இருந்து ரொம்பத் திருப்தியான நிலைக்கு ஒரு கட்டம் மட்டும் மாறும்னா, எது மாறணும்?" பாதுகாப்பு முக்கியமான்னு பொதுவா கேட்டா எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க.

மார்க்குக்கு எல்லையையும் இப்பவே எழுதுங்க. 10 எது, 0 எதுங்கிறதை வண்டியைப் பார்த்து வைக்காதீங்க. அப்படி வச்சா ரெண்டு வண்டி மட்டும் மிஞ்சும்போது ஒண்ணுக்கு 10, இன்னொண்ணுக்கு 0ன்னு ஆயிடும், சின்ன வித்தியாசமும் மலையாத் தெரியும். உங்க வீட்டுக் கணக்கை வச்சு வைங்க. அஞ்சு வருசச் செலவு 12 லட்சம்னா 10, 17 லட்சம்னா 0, இந்த மாதிரி.

---

கொடுமுடிக்காரன் (சனி, இரவு 10:30)

இன்னைக்கு முழுக்க இதே வேலை. காலையில ரெண்டு ஷோரூம், சாயங்காலம் புளியங்கொட்டை.

குழந்தை சீட்டைத் தூக்கிட்டுப் போனோம். ரெண்டு வண்டியிலயும் பின்னாடி அப்பாவும் அம்மாவும் சீட்டுமா இடிச்சுக்கிட்டுத்தான் உக்கார முடிஞ்சுது. நெக்ஸான்ல தோளுக்குக் கொஞ்சம் தாராளம். டிக்கி ரெண்டுமே 382 லிட்டர், அதுல பேச்சே இல்ல.

அம்மா விசயம்தான் வேற மாதிரி போச்சு. டிசையர்ல உக்கார்றதுக்குச் சிரமமே இல்ல, சாய்ஞ்சு விழுந்த மாதிரி உக்காந்துட்டாங்க. இறங்கும்போது ரெண்டு காலையும் வெளியில வச்சுட்டு, கதவுக்கு மேல இருக்கிற பிடியைப் பிடிச்சு எழப் பார்த்தாங்க, முழங்கால் கொடுக்கல. மறுபடியும் உக்காந்தாங்க. மூணாவது தடவை என் மனைவி தோள் கொடுத்துத் தூக்கினா. புடவைக் கொசுவம் கதவு நிலையில மாட்டிக்கிச்சு. நெக்ஸான்ல ஏறும்போது காலைத் தூக்கி வைக்கணும், அது சிரமம்தான். ஆனா சீட்டு நாலு விரக்கட்டை உயரமா இருக்கு, இறங்கும்போது அப்படியே சறுக்கி நின்னுட்டாங்க. யாரும் பிடிக்கல. மூணு தடவையும்.

சாயங்காலம் அம்மா அவங்களுக்குக் கொடுத்த 20 கொட்டையில 14ஐ "ஏறி இறங்குறது"ன்னு புதுசா ஒரு கட்டம் போட்டு அதுல வச்சுட்டாங்க. ரெண்டு மாசம் பேசினோம், இந்த வார்த்தை ஒரு தடவை கூட வரல. அம்மா சொல்லவும் இல்ல, நாங்க கேக்கவும் இல்ல. அதை நினைச்சா மனசு சங்கடமா இருக்கு.

பொண்ணையும் சேர்த்து அஞ்சு பேர், நூறு கொட்டை. செலவு 34, பாதுகாப்பு 28, ஏறி இறங்குறது 24, இடம் 14. பாதுகாப்பு வாசப்படி புது முறையில நாலு ஸ்டார்னு வச்சோம். எர்டிகா அங்கேயே நின்னுருச்சு. மீதி ரெண்டு:

| | செலவு (34) | பாதுகாப்பு (28) | இடம் (14) | ஏறி இறங்குறது (24) | மொத்தம் |
|---|---|---|---|---|---|
| டிசையர் | 8.5 | 9 | 5 | 3 | 683 |
| நெக்ஸான் | 3.2 | 10 | 6 | 8 | 665 |

டிசையர் 18 புள்ளி முன்னால. அப்போ டிசையர்தானா?

---

ஒத்தையடி (சனி, இரவு 10:50)

டிசையர் எடுத்துட்டு அம்மா உக்கார்ற இடத்துல கெட்டியா ஒரு மெத்தை போட்டுருங்க. உயரப் பிரச்சினை தீந்துது.

---

பட்டறை வாத்தியார் (ஞாயிறு, காலை 6:15)

மெத்தை வேண்டாம். இடுப்பு பெல்ட் இடுப்பெலும்பு மேல தாழ உக்காரணும். தடிமனான மெத்தை போட்டா பிரேக் போடும்போது மெத்தை அழுங்கி ஆள் முன்னால சறுக்குவாங்க, பெல்ட் வயித்துக்கு ஏறிடும். அது பெல்ட் போட்டதோட பலனையே கெடுக்கும்.

1000க்கு 18ங்கிறது வித்தியாசமே இல்ல தம்பி. ஏறி இறங்குறதுல டிசையருக்கு 3க்குப் பதிலா 2 போட்டா 659 ஆயிடும், நெக்ஸான் முன்னால வந்துரும். ஒரு மார்க்குல தலைகீழா மாறுற முடிவை முடிவுன்னு சொல்லக் கூடாது. ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு மார்க் ஏத்தி இறக்கிப் பாருங்க. எதுல மாத்தினா முடிவு புரளுதோ, அங்கே போய்த் திரும்ப அளங்க.

---

தறிநூல் (ஞாயிறு, காலை 8:30)

நெக்ஸானை அடிக்கிறது செலவுக் கட்டம் மட்டும்தான். ஏன் மேல் வேரியன்ட்லயே நிக்கிறீங்க? ஆறு ஏர்பேக்கும் ஈஎஸ்சியும் அதுல எல்லா வேரியன்ட்லயும் உண்டு. ஒரு படி கீழ இறங்கி விலை கேளுங்க.

தாள்ல போடறதை விட்டுட்டு கணினி அட்டவணையில போட்டீங்கன்னா மார்க்கை மாத்தி மாத்திப் பார்க்கலாம். எடையை ரெண்டாவது வரிசையில, வண்டிகளை மூணாவதுல இருந்து போட்டு இதைக் கடைசிக் கட்டத்துல எழுதுங்க:

```
=SUMPRODUCT($B$2:$E$2,B3:E3)
```

---

கொடுமுடிக்காரன் (செவ்வாய், இரவு 9:20)

கேட்டேன். நெக்ஸான் ஒரு படி கீழ, ஆன்ரோடு 10.4. பெட்ரோலோட 14.28. செலவு மார்க் 5.4க்கு ஏறுது, மொத்தம் 740. டிசையரைத் தாண்டிருச்சு.

---

மலைப்பாதை (செவ்வாய், இரவு 9:45)

அப்படின்னா டிசையரையும் ஒரு படி இறக்கிப் பார்க்கணும். ஒருத்தருக்கு மட்டும் சலுகை கொடுத்தா நியாயமா இருக்காது.

---

கொடுமுடிக்காரன் (புதன், இரவு 9:00)

பார்த்தேன் அக்கா. டிசையர் கீழ் வேரியன்ட் ஆன்ரோடு 8.6. அஞ்சு வருசம் 11.57, நாங்க வச்ச 12க்கும் கீழ, அதனால செலவுக்கு முழு 10. மொத்தம் 734. நெக்ஸான் 740. ஆறு புள்ளி.

---

பட்டறை வாத்தியார் (வியாழன், காலை 6:30)

இது சமம். இதுக்கு மேல தாள் சொல்லாது, அதைக் கசக்காதீங்க. மீதி இருக்கிற கேள்வியைச் சாதாரணப் பேச்சுல சொன்னா இதுதான்: அஞ்சு வருசத்துல 2 லட்சத்து 71 ஆயிரம் கூடக் கொடுத்தா அம்மா யார் கையும் பிடிக்காம இறங்குவாங்க. கொடுக்கலாமா? இதை நீங்களும் மனைவியும் மட்டும்தான் சொல்ல முடியும். கேட்டா அம்மா வேண்டாம்னுதான் சொல்லுவாங்க.

---

கொடுமுடிக்காரன் (ஞாயிறு, இரவு 8:50)

அப்படியேதான் சொன்னாங்க ஐயா. "எனக்காக எதுக்கு, நான் எத்தனை நாளைக்கு"ன்னு. மனைவி பதிலே சொல்லாம தாள்ல அந்தக் கட்டத்தை மட்டும் வட்டம் போட்டா.

நெக்ஸான் கீழ் வேரியன்ட் புக் பண்ணியாச்சு. கடன் 6.4 லட்சம்தான் வருது, நினைச்சதை விடக் குறைவு. டெலிவரிக்கு முன்னாடி அம்மாவை வச்சு வைத்தியர் வீடு வரைக்கும் ஒரு ஓட்டம் கேட்டிருக்கேன். தராங்களாம்.

அப்பா இன்னும் முழுசா சமாதானம் ஆகல. தை மாசம் குலதெய்வம் கோயிலுக்கு எப்படிப் போறதுன்னு கேட்டுக்கிட்டே இருக்கார். வாடகை வண்டி வேண்டாம், நானும் மனைவியும் பிள்ளைகளும் கார்ல, அவரும் அம்மாவும் பஸ்லன்னு ஒரு யோசனை சொல்றார். அம்மா பஸ் படி ஏறணுமேன்னு நான் சொன்னேன். இன்னும் பேசிக்கிட்டு இருக்கோம்.

---

சுங்கச்சாவடி (ஞாயிறு, இரவு 9:30)

வாழ்த்துகள் சகோ. அஞ்சு வருசம் கழிச்சு விக்கிற விலையை யாருமே கணக்குல எடுக்கல, நானும் முதல் பதிவுல சொன்னதோட விட்டுட்டேன். அதையும் சேர்த்தா எர்டிகாவோட 15.07ங்கிற எண் எவ்வளவு இறங்கும்?